நெருப்புக் காய்ச்சலுக்கு ஊசியா, குளிசையா? பழைய மருந்துகள் கைவிடும் காலத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

கித்துல்கலயைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்கு ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் விடாமல் அடித்தால், லயத்தில் முதலில் எழும் கேள்வி "ஊசி போட்டாங்களா?" என்பதுதான். ஊசி போட்டால் நல்ல வைத்தியம் நடந்திருக்கிறது, வெறும் குளிசையோடு அனுப்பினால் சரியாகக் கவனிக்கவில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வவுனியாவில் மருந்தாளராக வேலை செய்த காலத்திலும் இதே பேச்சைத்தான் கேட்டேன். 1977 இலும் 1983 இலும் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே என்னிடம் மருந்து வாங்கினார்கள். இப்போது அவர்களின் சொந்தக்காரர்கள் இங்கே மருந்துச் சிட்டையோடு வருகிறார்கள். இரண்டு இடத்திலும் கேள்வி மாறவில்லை.

டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சலைப் பொறுத்தவரை, ஊசியா குளிசையா என்ற கேள்விக்கு நேரான பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் கடந்த முப்பது வருடங்களில் பல தடவை மாறிவிட்டது. மாறியதற்குக் காரணம், நோயை உண்டாக்கும் சல்மொனெல்லா டைஃபி என்ற பக்டீரியா ஒவ்வொரு மருந்தையும் எதிர்க்கப் பழகியதுதான். எந்த மருந்து எப்போது கைவிட்டது, இன்று எது வேலை செய்கிறது, வேலை செய்கிறதா என்பதை வீட்டில் இருந்தபடி எப்படி அறிவது என்பவற்றையே இங்கே எழுதுகிறேன். இது நீங்களே மருந்து வாங்கிக் குடிப்பதற்கான குறிப்பல்ல. வைத்தியர் எழுதித் தரும் சிட்டையைப் புரிந்துகொள்வதற்கும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதற்கும் உதவுவது.

ஒவ்வொன்றாகக் கைவிட்ட குளிசைகள்

நெருப்புக் காய்ச்சலுக்கு முதல் மருந்து கிடைத்தது தற்செயலாக. 1948 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மலாயாவில் உண்ணிக் காய்ச்சலுக்கு குளோரம்பெனிகோல் என்ற புதிய மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபொயிட். அவர்களும் குணமானார்கள். அதுவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து பலர் இறந்த நோய்க்கு, வாயால் விழுங்கும் மருந்து ஒன்று அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பிறகு அம்பிசிலின், கோட்ரைமொக்சசோல் ஆகியவையும் சேர்ந்தன. 1980களின் கடைசியில் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்க்கும் பக்டீரியா தெற்காசியாவில் பரவியது. உடனே எல்லோரும் சிப்ரோஃப்ளொக்சசினுக்கு மாறினார்கள். அது அருமையான மருந்தாக இருந்தது. காலையும் மாலையும் ஒரு குளிசை, நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கும், விலையும் குறைவு. அதனாலேயே வயிற்றோட்டம், சிறுநீர்க்கடுப்பு, சாதாரணக் காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1990களிலேயே அதற்கும் எதிர்ப்பு தொடங்கியது. முதலில் பக்டீரியா முழுதாக எதிர்க்கவில்லை. மருந்து கொடுத்தால் காய்ச்சல் மெதுவாக இறங்கும், சிலருக்கு இறங்கவே இறங்காது. ஆய்வுகூட அறிக்கையோ பழைய அளவுகோலின்படி "மருந்து வேலை செய்யும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2012 இல்தான் டைபொயிட் கிருமிக்கான அந்த அளவுகோல் மிகவும் இறுக்கமாக மாற்றப்பட்டது.

ஆகவே இன்று தெற்காசியாவில் டைபொயிட் என்று சந்தேகித்து, ஆய்வுகூட முடிவு வருமுன் சிப்ரோஃப்ளொக்சசினைத் தொடங்குவது நல்ல தெரிவல்ல. உங்கள் அண்ணனுக்குப் பத்து வருடத்துக்கு முன் அது கேட்டது என்பது இன்றைக்குச் சாட்சியாகாது. அவரைப் பிடித்த பக்டீரியா வேறு, இன்றிருப்பது வேறு.

காத்மண்டுவில் நடந்தது

ஊசியையும் குளிசையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பரீட்சைகளில், எங்கள் நாட்டு நிலைமைக்கு அதிகம் பாடம் சொல்வது நேபாளத்தின் பாடன் மருத்துவமனையில் நடந்தவை. அங்கே நடந்த இரண்டு பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதலாவதன் முடிவு 2007 இல் வெளியானது. இரண்டு குளிசைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று கட்டிஃப்ளொக்சசின், அதாவது சிப்ரோஃப்ளொக்சசின் குடும்பத்தின் புதிய பிள்ளை. மற்றது செஃபிக்ஸிம், இங்கேயும் பாமசிகளில் தாராளமாகக் கிடைப்பது. 7 நாள் மருந்தை முடித்தவர்களில் செஃபிக்ஸிம் எடுத்த 70 பேரில் 19 பேருக்கு நோய் அடங்கவில்லை. கட்டிஃப்ளொக்சசின் எடுத்த 88 பேரில் ஒருவருக்கு மட்டுமே அடங்கவில்லை. ஆய்வுகூடத் தட்டில் செஃபிக்ஸிம் பக்டீரியாவை நன்றாகவே கொல்லும். ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்துக்குப் பாதிக்குக் கிட்டத்தான் உறிஞ்சப்படுகிறது. டைபொயிட் பக்டீரியாவோ எங்கள் உடம்பின் கலங்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். கலத்துக்குள் அந்த மருந்து போதிய அளவு நுழைவதில்லை.

இரண்டாவது பரீட்சை 2011 இல் தொடங்கியது. இம்முறை வெற்றிபெற்ற குளிசையான கட்டிஃப்ளொக்சசினை, செஃப்ட்ரியாக்சோன் என்ற நாள ஊசியோடு ஒப்பிட்டார்கள். 2014 இல் பரீட்சையை இடையில் நிறுத்த வேண்டிவந்தது. சிப்ரோ குடும்பத்தை முழுதாக எதிர்க்கும் புதிய பக்டீரியா வகை ஒன்று நகருக்குள் வந்துவிட்டது. இரத்தப் பரிசோதனையில் டைபொயிட் என்று உறுதியானவர்களில், குளிசை எடுத்த 62 பேரில் 16 பேருக்குச் சிகிச்சை தோற்றது. ஊசி போட்ட 54 பேரில் தோற்றது 4 பேருக்கு மட்டும். சில வருடங்களுக்கு முன் நூற்றுக்கு ஒன்று என்று தோற்ற மருந்து, இப்போது நான்கில் ஒருவரைக் கைவிட்டது.

இதை மட்டும் பார்த்தால் ஊசிதான் வழி என்று முடிவெடுத்துவிடலாம். ஆனால் அதே பரீட்சையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. டைபொயிட் போலவே காய்ச்சல் இருந்தும், இரத்தத்தில் பக்டீரியா வளராதவர்கள் அவர்கள். அவர்களில் குளிசை எடுத்த 58 பேரில் 2 பேருக்கே சிகிச்சை தோற்றது. ஊசி போட்ட 65 பேரில் 15 பேருக்குத் தோற்றது. முடிவு அப்படியே தலைகீழ்.

ஏன் இப்படி? அவர்களில் பலருக்கு இருந்தது டைபொயிட்டே அல்ல, எலித்தெள்ளால் பரவும் டைஃபஸ் போன்ற வேறு காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். டைபொயிட், டைஃபஸ் என்று பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலித்தாலும் கிருமி வேறு. டைஃபஸ் வகைக் காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி வேலை செய்யாது. டொக்சிசைக்ளின் என்ற மலிவான குளிசைதான் அதற்கு மருந்து. அதாவது, நோயைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் போடும் "பலமான" ஊசி, சரியான குளிசையைவிட மோசமாக முடியலாம்.

கித்துல்கலப் பக்கத்துக்கு இது நேராகப் பொருந்தும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனவை. மழைக்காலத்தில் டெங்கு வேறு. மலைநாட்டிலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் உண்ணிக் காய்ச்சல் வகைகள் உண்டு. இவை எல்லாம் முதல் நான்கு நாட்களில் ஒன்றுபோலவே தெரியும்: காய்ச்சல், தலையிடி, உடம்பு நோவு, சாப்பாடு வேண்டாம்.

முதலில் இரத்தம், பிறகு மருந்து

ஆகையால் ஊசியா குளிசையா என்று கேட்குமுன் கேட்க வேண்டியது, "இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினீர்களா?" என்பது. பிளட் கல்ச்சர் என்று சிட்டையில் இருக்கும். இரத்தத்தைப் போஷாக்குத் திரவம் உள்ள போத்தலில் இட்டு, பக்டீரியா வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் சோதிப்பார்கள். முழு முடிவு வர மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகலாம். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். ஆனால் இரத்தம் எடுப்பது மருந்துக்கு முன் நடக்க வேண்டும்.

டைபொயிட் நோயாளியின் ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் பெரும்பாலும் ஒரு பக்டீரியாகூட இருக்காது. அதனால்தான் பெரியவர்களிடமிருந்து 10 மில்லிலீட்டர் வரை எடுக்கிறார்கள். "இவ்வளவு இரத்தமா?" என்று பயப்பட வேண்டாம், குறைத்து எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்புக் குறையும். சரியாக எடுத்தாலும் நூறு நோயாளிகளில் ஏறக்குறைய அறுபது பேரிடம்தான் பக்டீரியா வளரும். அதற்கு முன் ஒரே ஒரு வேளை அன்ரிபயோட்டிக் போயிருந்தால் அந்த வாய்ப்பும் சரிந்துவிடும்.

இங்கேதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஒருவர் தனியார் கிளினிக்குக்குப் போவார். ஒரே ஒரு ஊசி போட்டு, மூன்று நாளுக்குக் குளிசை கொடுத்து அனுப்புவார்கள். ஊசி என்னவென்று சிட்டையில் இருக்காது. அது செஃப்ட்ரியாக்சோனாக இருந்தால், ஒரு ஊசி டைபொயிட்டைக் குணப்படுத்தாது. ஆனால் பின்னர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுக்கும் இரத்தத்தில் பக்டீரியா வளராமல் செய்துவிடும். அது டைக்ளோஃபெனாக் போன்ற நோவு ஊசியாக இருந்தால், நோய் டெங்குவாக இருக்கும் பட்சத்தில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். எந்த இடத்தில் ஊசி போட்டாலும் அதன் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வைத்தியருக்கு உங்கள் வார்த்தையைவிட அந்தத் துண்டு பெறுமதியானது. தமிழ் தெரியாத வாட்டில் அது உங்களுக்காகப் பேசும். கேகாலைப் பக்க ஆஸ்பத்திரிகளில் நெருப்புக் காய்ச்சலைச் சிங்களத்தில் "உணசன்னிபாதய" என்பார்கள், அந்தச் சொல்லையும் நினைவில் வைத்திருங்கள்.

விடால் என்ற இரத்தச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை மணிநேரத்தில் முடிவு தரும் கூடங்கள் உண்டு என்பதால் பலர் அதை நம்பி வருகிறார்கள். அது பக்டீரியாவைத் தேடுவதில்லை. பக்டீரியாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுகிறது. முன்பு எப்போதோ டைபொயிட் வந்தவர், தடுப்பூசி போட்டவர், வேறு கிருமி தொற்றியவர் ஆகியோருக்கும் அது "பொசிட்டிவ்" காட்டலாம். உண்மையான நோயாளிக்கு முதல் வாரத்தில் "நெகட்டிவ்" காட்டலாம். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அது ஒருபோதும் சொல்லாது. ஒரே ஒரு விடால் முடிவை வைத்து இரண்டு வாரம் ஊசி போட்டுக்கொள்வது சரியல்ல.

இன்று கையில் இருக்கும் இரண்டு

சிப்ரோஃப்ளொக்சசின் எதிர்ப்பு அதிகமுள்ள இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அன்ரிபயோட்டிக் கைநூல் சொல்வது எளிமையானது. நோய் கடுமையாக இல்லாவிட்டால் அசித்ரோமைசின் என்ற வாய்வழி மருந்து. கடுமையாக இருந்தால் செஃப்ட்ரியாக்சோன் நாள ஊசி.

55 கிலோ எடையுள்ள, 32 வயதுப் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆறு நாளாகக் காய்ச்சல், ஆனால் நடக்கிறார், கஞ்சி குடித்தால் வயிற்றில் தங்குகிறது, சுயநினைவு தெளிவாக இருக்கிறது. அசித்ரோமைசின் என்றால், முதல் நாள் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, அடுத்த ஆறு நாளும் தினம் ஒன்று. மொத்தம் எட்டுக் குளிசை. வீட்டிலிருந்தே எடுக்கலாம். செஃப்ட்ரியாக்சோன் என்றால் தினம் 2 கிராம், 10 நாள். 1 கிராம் குப்பி இருபது வேண்டும். விரைவாகக் குணமானால் 7 நாளில் நிறுத்தலாம், அப்போதும் பதினான்கு குப்பி. கையில் கனூலா ஏற்றி, அது வீங்கினால் இடம் மாற்றி, வாட்டில் தங்க வேண்டும். அத்தனை நாள் சம்பளமும் போகும். கூட நிற்பவரின் சம்பளமும் போகும்.

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அசித்ரோமைசின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தினம் 400 மில்லிகிராம், 7 நாள். 5 மில்லிலீட்டரில் 200 மில்லிகிராம் உள்ள பாணியானால் தினம் 10 மில்லிலீட்டர், ஏழு நாளுக்கு 70 மில்லிலீட்டர். இந்தப் பாணி சின்னப் போத்தலில் வருவதால் ஒரு போத்தல் போதாது. முதல் போத்தல் முடிந்ததும் மருந்தே முடிந்தது என்று நினைத்து நிறுத்தும் தாய்மார் பலர். சிட்டையில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அத்தனை நாளுக்கு எத்தனை போத்தல் என்று பாமசியிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தேக்கரண்டியால் அளக்க வேண்டாம், அளவுச் சிரிஞ்சு கேளுங்கள்.

குளிசை என்பதால் இது பலவீனமான மருந்து என்று எண்ண வேண்டாம். எகிப்தின் கெய்ரோவில் பிள்ளைகளிடம் இந்த இரண்டு மருந்துகளையும் நேராக ஒப்பிட்டார்கள். 2004 இல் வெளியான முடிவின்படி, அசித்ரோமைசின் 5 நாள் எடுத்த 32 பேரில் 30 பேர் குணமானார்கள். செஃப்ட்ரியாக்சோன் 5 நாள் போட்ட 36 பேரில் 35 பேர் குணமானார்கள். ஏறக்குறைய சமம்தான். ஆனால் குணமான பிறகு ஊசி போட்டவர்களில் 6 பேருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. குளிசைக் கூட்டத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

காரணம் பக்டீரியா ஒளியும் இடத்தில் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் இரத்தத்தில் உள்ள பக்டீரியாவை வேகமாக அழிக்கும், கலங்களுக்குள் அவ்வளவு போகாது. அசித்ரோமைசின் இரத்தத்தில் குறைவாகவே இருக்கும், ஆனால் கலங்களுக்குள் பலமடங்கு சேர்ந்து, மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் தங்கும். இதனால்தான் ஊசியைப் பாதியில் நிறுத்துவது ஆபத்து. காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே கையெழுத்து வைத்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி காய்ச்சல். அது புது நோயல்ல, உள்ளே மிச்சமிருந்த பழையது. வாட்டில் நிற்கவே முடியாத நிலை இருந்தால், ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கி, சாப்பிடத் தொடங்கிய நோயாளிக்கு மிச்ச நாட்களை வாய்வழி மருந்தால் முடிக்க வழி உண்டு.

எப்போது ஊசி கட்டாயம்

குளிசை உள்ளே தங்காத அளவு வாந்தி, மயக்கம் அல்லது பிதற்றல், கைகால் குளிர்ந்து இரத்த அழுத்தம் இறங்குதல், வயிறு ஊதி இறுகுதல், மலத்தில் இரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் காய்ச்சல் லேசாகத் தெரிந்தாலும் வைத்தியரின் கண்ணில் இருக்க வேண்டும்.

குடலில் ஓட்டை விழுவதுதான் டைபொயிட்டின் மிக மோசமான விளைவு. அது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில், சில வேளை காய்ச்சல் குறைந்துவரும் நேரத்தில் நடக்கும். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, வயிறு பலகைபோல் இறுகுதல் என்றால் அப்போது தேவை ஊசி மாத்திரமல்ல, சத்திரசிகிச்சை. தோட்ட டிஸ்பென்சரியில் காத்திராமல், கரவனெல்லையோ அவிசாவளையோ கேகாலையோ, சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மேல்மலைத் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே நேரம் எடுக்கும் என்பதால், இரண்டாம் வாரம் தாண்டிய நோயாளி உள்ள வீட்டில் வாகனத்துக்கு முன்னமே சொல்லி வைப்பது நல்லது.

ஊசியோ குளிசையோ, தொடங்குமுன் சொல்ல வேண்டியவை சில உண்டு. பெனிசிலின் போட்டு முன்பு உடம்பு தடித்திருந்தால் ஊசிக்கு முன் சொல்லுங்கள். இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து எடுப்பவர் அசித்ரோமைசினுக்கு முன் சொல்ல வேண்டும். வயிற்றெரிவுக்கு எடுக்கும் அன்ரசிட்டையும் அசித்ரோமைசினையும் ஒன்றாகக் குடிக்காமல், இரண்டு மணிநேரம் இடைவெளி விடுங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

சரியான மருந்தைச் சரியாக எடுத்தாலும் டைபொயிட் காய்ச்சல் நாலைந்து நாள் தொடரும். இதைத் தெரியாததால் அதிகப் பாதிப்பு நடக்கிறது. இரண்டு நாள் குளிசை எடுத்துவிட்டுக் "கேட்கவில்லை" என்று வேறு கிளினிக், அங்கே வேறு மருந்து, இன்னும் இரண்டு நாளில் மூன்றாவது இடம். எதுவும் முழுதாக உள்ளே போகாமல் பத்து நாள் கழியும்.

காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். காலையும் மாலையும் வெப்பமானியால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பனடோல் கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். தினமும் மாலை உச்சம் கொஞ்சம் குறைந்துவந்து, நோயாளி சோறு கேட்கத் தொடங்கினால் மருந்து வேலை செய்கிறது, மாற்றக் கூடாது. மூன்று நாளில் நோயாளி முன்பைவிட மோசமானாலோ, ஏழு நாள் முழு மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் நின்றாலோ மருந்து தோற்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது கேட்க வேண்டியது மூன்று: இரத்த வளர்ப்பின் முடிவு வந்ததா? நோய் உண்மையில் டைபொயிட்தானா, உண்ணிக் காய்ச்சலோ எலிக்காய்ச்சலோ இல்லையா? வயிற்றுக்குள் ஏதும் சிக்கல் உண்டா?

இன்னொரு கேள்வியை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: நோயாளியோ வீட்டில் யாருமோ அண்மையில் வெளிநாடு போய் வந்தார்களா? 2016 இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில், செஃப்ட்ரியாக்சோனையும் எதிர்க்கும் டைபொயிட் வெடித்துப் பரவியது. பழைய மூன்று மருந்தும், சிப்ரோவும், இந்த ஊசியும் எதற்கும் அது சாகவில்லை. மிஞ்சியவை இரண்டே. ஒன்று மெரோபெனம் என்ற விலையுயர்ந்த ஊசி, எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றுவது. மற்றது அதே அசித்ரோமைசின் குளிசை. அந்த வகை பயணிகளோடு வேறு நாடுகளுக்கும் போனது. மத்திய கிழக்கு வேலையிடங்களில் பல நாட்டவர் ஒரே குசினியில் சாப்பிடுகிறார்கள். அங்கிருந்து காய்ச்சலோடு திரும்பியவருக்கு வழமையான ஊசி கேட்கும் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது.

அந்த ஊர் மக்களைக் காப்பாற்றிய குளிசை எங்களிடமும் இருக்கும் கடைசிக் குளிசை. பங்களாதேஷில் அசித்ரோமைசினையும் எதிர்க்கும் டைபொயிட் பக்டீரியாவை 2019 இல் ஆய்வாளர்கள் விபரித்துவிட்டார்கள். தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிக் குடிக்கும் பழக்கம், சிப்ரோவுக்கு நடந்ததை இதற்கும் நடத்தும். இதுவும் போனால், நடந்து திரியும் நோயாளிக்கும் ஊசியைத் தவிர வழி இருக்காது. லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நாள் போய்த் தங்கக்கூடியவர் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும்.

குணமான பிறகு

டைபொயிட் அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். அவர் வருவது குற்றம் பிடிக்க அல்ல. எந்தப் பீலி, எந்தக் கிணறு என்று கண்டுபிடிக்கவே. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் நிலத்தின் ஆழமில்லாத கிணறும் மலக்குழியும் அருகருகே இருப்பது எப்படியோ, இங்கே மலைச்சரிவில் மேல் லயத்து மலசலகூடமும் கீழ் லயத்துப் பீலியும் அப்படி. உண்மையைச் சொன்னால் அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பும்.

குணமானவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, எந்த நோயும் இல்லாமலே பித்தப்பையில் பக்டீரியாவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மலத்தோடு வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவரும், சாப்பாட்டுக் கடையிலோ ஆற்றோர ஹோட்டல் குசினியிலோ வேலை செய்பவரும், வேலைக்குத் திரும்புமுன் மலப் பரிசோதனை பற்றிப் பரிசோதகரிடம் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தரும் நோய் விபர அட்டையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். எந்தப் பக்டீரியா வளர்ந்தது, எந்த மருந்துக்கு அது சாகவில்லை, எந்த மருந்து எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்பினால் அடுத்த வைத்தியர் ஊசியா குளிசையா என்று முடிவெடுப்பது அந்த மூன்று வரிகளைப் பார்த்துத்தான்.